அண்ணன் நீட்டின நோட்டரி பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டேன், என் பங்கு போயிடுச்சா?

"மேடம், நான் பெங்களூர்ல அல்சூர் பக்கம் இருக்கேன், 41 வயசு. அப்பா சம்பாதிச்சு வாங்கின வீடு ஸ்ரீராமபுரத்துல இருக்கு, அம்மா அங்கதான் இருக்காங்க. அப்பா போன வருஷம் தவறிட்டார், உயில் எதுவும் இல்ல. பத்திரத்துல அப்பா பேர் இனிஷியலோட இருக்கு, டெத் சர்டிபிகேட்ல தாத்தா பேர் முழுசா சேர்ந்து வந்திருக்கு, அதை சரி பண்ணன்னு சொல்லி அண்ணன் மூணு மாசம் முன்னாடி 100 ரூபா ஸ்டாம்ப் பேப்பர்ல ரெண்டு பக்கம் கொண்டுவந்தார். இங்கிலீஷ்ல இருந்துச்சு, எனக்கு அவ்வளவா படிக்க வராது. வீட்லயே கையெழுத்து போட்டேன், நோட்டரிய நான் பார்க்கவே இல்ல. அடுத்த நாள் சீல் வச்சு போட்டோ அனுப்பினார். என் பொண்ணு படிச்சு சொன்னப்பதான் தெரிஞ்சது, காதா அண்ணன் பேருக்கு மாத்த எனக்கு ஆட்சேபணை இல்லைன்னும், எனக்கு சேர வேண்டியதை வாங்கிட்டேன்னும் எழுதியிருக்கு. நான் ஒரு ரூபா வாங்கல. இப்ப இன்னொரு பேப்பர் கொண்டுவரேன், சும்மா பார்மாலிட்டின்னு சொல்றார். நோட்டரி சீல் விழுந்துட்டா ரிஜிஸ்டர் ஆன மாதிரிதானா? இதை கேன்சல் பண்ண முடியுமா? போலீஸ்ல குடுக்கணுமா?"

சகோதரி, முதல்ல நிம்மதியா தூங்குங்க. அந்த ரெண்டு பக்க பேப்பரால வீட்ல உங்க பங்கு அண்ணன் பேருக்கு போகல. ஆனா அதுல இருக்கற ஒரு வரி நாளைக்கு உங்களுக்கு எதிரா நிக்கக்கூடியது, அதனால சும்மா விட்டுடவும் கூடாது. இந்த ரெண்டும் எப்படி ஒண்ணா உண்மையா இருக்க முடியும்னு புரிஞ்சுட்டா மீதி எல்லாம் உங்களுக்கே தெளிவாயிடும்.

நீங்க கையெழுத்து போட்டது ஒரு அஃபிடவிட். அஃபிடவிட்னா என்னன்னு பார்த்தா, எனக்கு தெரிஞ்ச ஒரு விஷயத்த எழுத்துல சொல்லி, இது உண்மைன்னு சத்தியம் பண்ணி, சத்தியம் வாங்க அதிகாரம் உள்ள ஒருத்தர் முன்னாடி கையெழுத்து போடறது, அவ்வளவுதான். கடவுள் பேர்ல சொல்லலாம், அது வேண்டாம்னா மனசாட்சிப்படி உறுதி சொல்றேன்னும் சொல்லலாம், 1969 சத்தியப்பிரமாணச் சட்டம் ரெண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்குது. கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல ஏறி வாயால சொல்றதை இங்க பேப்பர்ல சொல்றோம்னு வச்சுக்கோங்க. கூண்டுல நின்னு "இந்த வீட்ட எங்க அண்ணனுக்கு குடுத்துட்டேன்"னு சொன்னா வீடு மாறிடுமா? மாறாது, நீங்க அப்படி சொன்னீங்கன்னு மட்டும்தான் பதிவாகும். பேப்பர்லயும் அதே கதைதான், சத்தியத்தால ஒரு தகவலை சொல்லலாம், ஒரு வீட்டோட உரிமைய கை மாத்த முடியாது.

உங்க அப்பா பேர் விஷயத்தையே எடுத்துக்கோங்க. இனிஷியலோட இருக்கறவரும், தாத்தா பேர் முழுசா ஒட்டிக்கிட்டு இருக்கறவரும் ஒரே ஆள்தான்னு சொல்றது அஃபிடவிட்டுக்குன்னே அளவெடுத்து தச்ச வேலை. நம்ம ஊர் இனிஷியல் பழக்கம் இங்க இருக்கற ஆபீஸ்ல யாருக்கும் புரியாது, பெங்களூர் தமிழ் குடும்பத்துல பாதி பேருக்கு ஆதார்ல ஒண்ணு பேங்க்ல ஒண்ணுன்னு இருக்கும். மகள் நீங்க, உங்களுக்கு நேரடியா தெரிஞ்ச விஷயம், அதை நீங்க சத்தியம் பண்ணி சொல்றதுக்கு மதிப்பு உண்டு. அண்ணன் சொன்ன காரணம் அந்த அளவுக்கு நியாயமானதுதான். அதே பேப்பர்ல கூடவே ரெண்டு வரி உள்ள நுழைஞ்சிருக்கே, அதுதான் பிரச்சனை.

நோட்டரி சீல் எதை சொல்லுது

இங்க நிறைய பேர் தப்பா நினைக்கறாங்க. 1952 நோட்டரி சட்டத்துல 8ஆம் பிரிவு நோட்டரியோட வேலை என்னன்னு சொல்லுது, அதுல சத்தியம் வாங்கறது, அஃபிடவிட் எடுக்கறது, ஒரு பத்திரத்துல கையெழுத்து போட்டதுக்கு அத்தாட்சி குடுக்கறதெல்லாம் வரும். அவர் வைக்கற வட்ட சீலுக்கு அர்த்தம் இன்னார் என் முன்னாடி வந்தார், சத்தியம் பண்ணார், கையெழுத்து போட்டார்ங்கறது மட்டும்தான். உள்ள எழுதியிருக்கறது உண்மைன்னு அவர் சொல்லல, அதை விசாரிக்கறது அவர் வேலையும் இல்ல. ரிஜிஸ்ட்ரேஷன்ங்கறது வேற சட்டம், வேற ஆபீஸ், 1908 பதிவுச் சட்டப்படி சப்-ரிஜிஸ்ட்ரார் முன்னாடி நடக்கறது. ஸ்டாம்ப் பேப்பர் அரசாங்கத்துக்கு கட்டற வரி, 100 ரூபாய்க்கு பதிலா 500 ரூபா பேப்பர்ல அடிச்சாலும் அதோட பலம் ஒரு துளி கூடாது.

உங்க விஷயத்துல அந்த சீல் சொல்ற ஒரே உண்மையும் உண்மை இல்ல, ஏன்னா நீங்க அவர் முன்னாடி போகவே இல்ல. அப்படின்னா சட்டப்படி நீங்க சத்தியமே பண்ணல, வீட்ல உக்காந்து ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டிருக்கீங்க. இதை எப்படி காட்டறதுன்னு கேப்பீங்க. ஒவ்வொரு நோட்டரியும் ஒரு ரிஜிஸ்டர் வச்சிருக்கணும், எந்த தேதி, யார் வந்தாங்க, என்ன பேப்பர், என்ன பீஸ்னு எழுதி வந்தவங்க கிட்டயும் அதுல கையெழுத்து வாங்கணும். போட்டோவ பெருசு பண்ணி பாருங்க, சீல்ல நோட்டரி பேரு, எந்த ஏரியான்னு, அவரோட பதிவு நம்பர் இருக்கும், பக்கத்துல பேனாவால ஒரு வரிசை நம்பரும் தேதியும் எழுதியிருக்கலாம். பின்னாடி கோர்ட்டுக்கு போனா அந்த ரிஜிஸ்டரை கொண்டுவர சொல்லி கேக்கலாம். அங்க உங்க கையெழுத்து இல்லைன்னாலோ, அந்த என்ட்ரியே இல்லைன்னாலோ அந்த பேப்பர் ரொம்பவே ஆட்டம் கண்டுடும். எனக்கு இது மனசு கொதிக்கற விஷயம், கோர்ட் வாசல்ல ஆளே வராம நூறு பேப்பருக்கு சீல் குத்தறது ஏதோ சாதாரணம்னு ஆகிப்போச்சு, அதுல மாட்டறது பெரும்பாலும் படிக்கத் தெரியாதவங்கதான்.

இன்னொண்ணும் பாருங்க. கையெழுத்து போடறவருக்கு அந்த மொழி தெரியலைன்னா, அவருக்கு தெரிஞ்ச மொழில படிச்சு சொல்லி புரியவச்சோம்னு கடைசில ஒரு வரி இருக்கணும். உங்க பேப்பர்ல தமிழ்ல விளக்கினோம்னு எழுதியிருக்கான்னு பொண்ண விட்டு பார்க்க சொல்லுங்க. இல்லைன்னா அதுவும் உங்களுக்கு சாதகம்.

உங்க பங்கு ஏன் போகல

அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கினது, உயில் இல்ல. உங்க குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள்ள வந்தா, அப்பாவோட அம்மா உயிரோட இல்லைன்னா, வேற கூடப்பிறந்தவங்களும் இல்லைன்னா, 8ஆம் பிரிவுப்படி அம்மா, அண்ணன், நீங்க மூணு பேருக்கும் ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. அப்பா கண்ண மூடின அன்னைக்கே அந்த பங்கு உங்களுக்கு வந்துடுச்சு, யாரும் எழுதிக் குடுக்க வேண்டியதில்ல. கல்யாணத்துல நகை போட்டாங்க சீர் செஞ்சாங்கங்கறதால அது குறையாது.

அந்த பங்க விட்டுக்குடுக்கணும்னா ரிலீஸ் டீட், நம்ம ஊர்ல விடுதலைப் பத்திரம்னு சொல்லுவோம், அதை எழுதி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணணும். 100 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள அசையா சொத்துல ஒரு உரிமைய எழுத்து மூலமா விட்டுக்குடுக்கறது எதுவா இருந்தாலும் பதிவு பண்ணியே ஆகணும்னு பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவு சொல்லுது, பண்ணலைன்னா அந்த எழுத்து சொத்த பாதிக்காதுன்னு 49ஆம் பிரிவு சொல்லுது. ஸ்ரீராமபுரத்துல இருக்கற வீட்டுக்கு இதுல சந்தேகமே வேண்டாம்.

காதாவும் உரிமைப் பத்திரம் இல்ல. நம்ம ஊர் பட்டா மாதிரின்னு பலர் நினைக்கறாங்க, இது மாநகராட்சி யார்கிட்ட வரி வசூல் பண்ணணும்னு வச்சிருக்கற கணக்கு. அண்ணன் பேர்ல மாறினாலும் அவர் முழு ஓனர் ஆகமாட்டார். ஆனா பெங்களூர்ல இப்ப இ-காதா இல்லாம வீட்ட வித்து ரிஜிஸ்டர் பண்ண முடியாது, 2024 அக்டோபர்ல இருந்து அப்படி. அதனால காதா அவர் ஒருத்தர் பேருக்கு வந்துட்டா, விக்கறதுக்கு வழியில இருந்த ஒரு பெரிய கதவு திறந்துடுது. உங்க ஆட்சேபணை இல்லைங்கற வரிய அவர் அவ்வளவு அவசரமா வாங்கினது எதுக்குன்னு இப்ப புரிஞ்சிருக்கும். அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு தெரியாது, ஒருவேளை வரி கட்டறதுக்காக மட்டும் கூட இருக்கலாம், ஆனா நீங்க எச்சரிக்கையா இருக்கறதுல தப்பில்ல.

பயப்பட வேண்டிய வரி

"எனக்கு சேர வேண்டியதை வாங்கிட்டேன்." ஆட்சேபணை இல்லைங்கறத விட இதுதான் ஆபத்து. ஏன்னா குடும்பத்துக்குள்ள சொத்து விஷயத்துல வாயால பேசி முடிச்சுக்கற ஏற்பாட்டை கோர்ட்டுகள் மதிக்குது. 1976ல சுப்ரீம் கோர்ட் காலே வழக்குல, ஏற்கனவே வாய்மொழியா முடிஞ்ச குடும்ப ஏற்பாட்டை பின்னாடி நினைவுக்காக ஒரு பேப்பர்ல எழுதி வச்சா அந்த பேப்பருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்லைன்னு சொல்லியிருக்கு. இப்ப பாருங்க, உங்க பேப்பர் "விட்டுத் தரேன்"னு சொல்லியிருந்தா ரிஜிஸ்டர் ஆகல செல்லாதுன்னு ஒரே வரில முடிஞ்சிடும், "வாங்கிட்டேன்"னு நடந்து முடிஞ்ச மாதிரி சொல்றதால நாளைக்கு அண்ணனோட வக்கீல், அப்பா போனதும் குடும்பமா உக்காந்து பேசினோம், தங்கச்சிக்கு பணமா குடுத்தோம், அதோட நினைவுக் குறிப்புதான் இதுன்னு வாதாடலாம். ஜெயிப்பாரான்னா, பணம் எப்ப குடுத்தீங்க, எந்த பேங்க்ல இருந்து, எவ்வளவுன்னு கேள்வி வரும், உங்க அக்கவுண்ட்ல ஒண்ணும் வரலைன்னா அவருக்கு கஷ்டம்தான். ஆனா சண்டைய வருஷக்கணக்குல இழுக்க அந்த ஒரு வரி போதும்.

கோர்ட்டுல இந்த பேப்பர் எப்படி நிக்கும்னா, ஒருத்தர் தன் பக்கத்துக்காக கொண்டுவர அஃபிடவிட் தானா சாட்சியம் ஆகாது, கோர்ட் அனுமதிச்சாதான் ஆகும்னு 1988ல சுதா தேவி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. சிவில் வழக்குல ஒரு சாட்சி தன் பக்கத்த சொல்ற முதல் விசாரணைய அஃபிடவிட்டாதான் தாக்கல் பண்றோம், ஆனா அதை குடுத்தவர் கூண்டுல ஏறி குறுக்கு விசாரணைக்கு பதில் சொல்லணும், அப்பதான் அதுக்கு உயிர். இது உங்களுக்கு ஆறுதல். அதே சமயம் உங்களுக்கு எதிரா நீங்களே கையெழுத்து போட்டு ஒத்துக்கிட்ட வார்த்தைங்கற கணக்குல அவங்க அதை உங்க முன்னாடி நீட்டலாம், "இது உங்க கையெழுத்தா இல்லையா"ன்னு கேட்டா ஆமான்னுதான் நீங்க சொல்லணும். ஒத்துக்கிட்டது தப்புன்னு விளக்கி காட்ட சட்டம் இடம் குடுக்குது, ஆனா விளக்க வேண்டிய பாரம் உங்க தலையில வந்து உக்காந்துடும். அதனாலதான் எவ்வளவு சீக்கிரம் எழுத்துல மறுக்கறீங்களோ அவ்வளவு நல்லதுன்னு சொல்றேன், மூணு மாசத்துல மறுக்கறதுக்கும் மூணு வருஷம் கழிச்சு வீடு வித்தப்புறம் மறுக்கறதுக்கும் ஜட்ஜ் பார்க்கற பார்வையே வேற.

வாங்கறவர் பக்கத்துல இருந்தும் ஒரு ஆபத்து உண்டு. சொத்துல பங்கு உள்ளவங்களோட சம்மதத்தோட ஒருத்தர் ஓனர் மாதிரி நின்னு வித்து, வாங்கறவர் நல்லா விசாரிச்சு நம்பி பணம் குடுத்து வாங்கினா, அவருக்கு சொத்து மாற்றுச் சட்டம் 41ஆம் பிரிவு பாதுகாப்பு குடுக்கலாம். வாரிசுல ஒரு மகளும் உண்டுன்னு தெரிஞ்சா உங்ககிட்ட நேரா கேக்காம வாங்கறது விசாரிச்சு வாங்கினதா ஆகாதுன்னு நாம வாதாடலாம்தான். ஆனா வாங்கறவர் கையில உங்க "ஆட்சேபணை இல்லை" பேப்பர் இருந்து, நீங்களும் எல்லாம் தெரிஞ்சு பேசாம இருந்தா நம்ம வாதம் பலவீனமாகும்.

கேன்சல் பண்றது, போலீஸ் போறது

பத்திரத்தை ரத்து பண்ற மாதிரி அஃபிடவிட்டை ரத்து பண்ணன்னு ஒரு ஆபீஸ் கிடையாது. நோட்டரியே "கேன்சல் டீட்" போட்டு தரேன்னு பணம் கேப்பார், ஏமாறாதீங்க. சொன்ன வார்த்தைய திரும்ப வாயில போட்டுக்க முடியாது, உண்மை என்னன்னு இன்னொரு தடவை தெளிவா சொல்லலாம். அதுக்கு நீங்களே ஒரு அஃபிடவிட் போடுங்க, இந்த தடவை தமிழ்ல எழுதி, பின்னாடி இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இணைச்சு, நேரா நோட்டரி முன்னாடி போய், ரிஜிஸ்டர்லயும் கையெழுத்து போட்டு. அதுல அந்த தேதி பேப்பர் பேர் திருத்தத்துக்குன்னு சொல்லி வாங்கப்பட்டது, படிச்சு சொல்லல, நான் நோட்டரி முன்னாடி போகல, எந்த பணமும் வாங்கல, என் பங்கை விடலன்னு இருக்கட்டும். அப்பா ரெண்டு பேர்லயும் ஒரே ஆள்தான்ங்கற உண்மையையும் அதுல சேருங்க, அது உங்களுக்கும் பின்னாடி தேவைப்படும். உங்களுக்கு நேரா தெரியாத எதையும் சேர்க்காதீங்க. அண்ணன் வீட்ட விக்க ஆள் பார்த்துட்டார்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா, அதை உங்களுக்கு தெரிஞ்ச மாதிரி எழுதக்கூடாது, இன்னார் சொல்லி கேள்விப்பட்டேன்னுதான் எழுதணும். எந்த பாரா நேரடியா தெரிஞ்சது, எந்த பாரா கேள்விப்பட்டதுன்னு கடைசி உறுதிமொழில பிரிச்சு சொல்லணும், அது இல்லாத அஃபிடவிட்டை கோர்ட் ஓரமா தள்ளி வைக்கும்.

போலீஸ் விஷயத்துல கொஞ்சம் பொறுங்க. சத்தியம் வாங்க அதிகாரம் உள்ளவர் முன்னாடி பொய்ச் சத்தியம் பண்றது பாரதிய நியாய சன்ஹிதா 216ஆம் பிரிவுல குற்றம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும் அபராதமும் உண்டு. ஆனா இந்த பேப்பர்ல சத்தியம் பண்ண பேர் உங்களோடது. "வாங்கிட்டேன்"ங்கற பொய்யும் உங்க கையெழுத்துக்கு மேலதான் இருக்கு. உங்களை பயமுறுத்த சொல்லல, நீங்க ஏமாத்தப்பட்டவங்கன்னு எனக்கு தெரியும், ஆனா சத்தியப் பேப்பர்ல பொறுப்பு எழுதினவருக்கோ கொண்டுவந்தவருக்கோ முதல்ல போறதில்ல, கையெழுத்து போட்டவர்கிட்டதான் முதல்ல கேக்கும். இந்த மாதிரி குற்றத்துக்கு சாதாரண ஆள் குடுக்கற புகார்ல கோர்ட் நேரா கேஸ் எடுக்கவும் முடியாது, சம்பந்தப்பட்ட அரசு அதிகாரியோ, கோர்ட் விவகாரமா இருந்தா அந்த கோர்ட்டோதான் புகார் குடுக்கணும். ஏமாத்தி கையெழுத்து வாங்கினார்னு தனியா புகார் குடுக்கற வழி இருக்கு, அதை கடைசில வச்சுக்கலாம், அம்மா அந்த வீட்லதான் இருக்காங்கங்கறதையும் யோசிக்கணும். ஆள் வராம சீல் வச்ச நோட்டரி மேல அவரை நியமிச்ச அரசாங்கத்துக்கு எழுத்துல புகார் குடுக்கலாம், நோட்டரி விதிகள்ல அதுக்கு விசாரணை முறை இருக்கு.

இந்த வாரம் செய்ய வேண்டியது

புது பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. அண்ணன்கிட்ட சண்டை போட வேண்டாம், "காப்பி குடுங்க அண்ணா, எங்க வக்கீல்கிட்ட காட்டிட்டு நானே நோட்டரி ஆபீஸுக்கு வந்து போடறேன்"னு சொல்லுங்க. நியாயமான பேப்பரா இருந்தா குடுப்பார்.

அந்த வீடு எந்த வார்டுல வருதோ அந்த மாநகராட்சி வருவாய் அதிகாரிக்கு ஒரு ஆட்சேபணைக் கடிதம் எழுதுங்க. சொத்து நம்பர், அப்பா தவறின தேதி, நான் மகள், என் பங்கு உண்டு, என்னை விசாரிக்காம காதா மாத்தக்கூடாதுன்னு நாலு வரி போதும். அப்பா டெத் சர்டிபிகேட், அப்பா பேர் உள்ள உங்க எஸ்எஸ்எல்சி மார்க் கார்டு, ஆதார், புதுசா போட்ட அஃபிடவிட் எல்லாம் வச்சு நேர்ல குடுத்து உங்க காப்பில சீல் வாங்குங்க, ஒரு பிரதிய ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க. காதா ஏற்கனவே மாறியிருந்தா ஆர்டிஐ போட்டு அந்த ஃபைல்ல இருக்கற எல்லா பேப்பர் காப்பியும் கேளுங்க, வாரிசுகள் பேர் எழுதியிருக்கற வம்சவிருட்சத்துல உங்க பேர் இருக்கான்னு அதுல தெரிஞ்சிடும். உங்க பேர விட்டுட்டு அண்ணன் சத்தியம் பண்ணியிருந்தார்னா அந்த 216 அவர் பக்கம் திரும்பும்.

கர்நாடக பதிவுத்துறையோட காவேரி வெப்சைட்ல அப்பா தவறின தேதில இருந்து இன்னைக்கு வரைக்கும் வில்லங்கச் சான்று, அதாவது இ.சி. எடுங்க. வித்தாரா, அடமானம் வச்சாரா, யாருக்காவது எழுதிக் குடுத்தாரான்னு ரிஜிஸ்டர் ஆனது எல்லாம் அதுல வரும். சப்-ரிஜிஸ்ட்ரார்கிட்ட ஒரு லெட்டர் குடுத்தா விக்கறது நின்னுடும்னு மட்டும் நம்பிடாதீங்க, அதை நிறுத்தறது சிவில் கோர்ட் தடை உத்தரவுதான். இ.சி.ல ஏதாவது தெரிஞ்சாலோ, விக்க அட்வான்ஸ் வாங்கிட்டார்னு நம்பகமா தெரிஞ்சாலோ, பாகப்பிரிவினை வழக்கோட இடைக்காலத் தடை மனுவும் உடனே போடணும், அன்னைக்கு ஒரு வாரம் கூட தள்ளிப்போடாதீங்க.

ஒண்ணும் நடக்கல, அண்ணன் பேசத் தயாரா இருக்கார்னா பேசுங்க. அம்மா காலம் வரைக்கும் அவங்க இருக்கட்டும், காதா மூணு பேர் பேருலயும் சேர்த்து மாத்தலாம். உங்களுக்கே பங்கை குடுத்துடணும்னு மனசு இருந்தா அதுவும் உங்க இஷ்டம், அப்ப தொகைய பேங்க் மூலமா வாங்கிட்டு, நீங்களே சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு போய், படிச்சு கேட்டு, ரிலீஸ் டீட்ல கையெழுத்து போடுங்க. பணம் அக்கவுண்ட்ல ஏறினப்புறம் கையெழுத்து, அதுக்கு முன்னாடி வேண்டாம்.

அந்த போட்டோவ மொபைல்ல இருந்து டெலீட் பண்ணிடாதீங்க. அண்ணன் அனுப்பின தேதியும் நேரமும் அந்த வாட்ஸ்அப்ல இருக்கு, பேர் திருத்தத்துக்குன்னு அவர் எழுதின மெசேஜ் இருந்தா அதையும் பத்திரமா வச்சிருங்க, சீல் விழுந்த அன்னைக்கு நீங்க வேலைக்கு போயிருந்தா அந்த அட்டென்டன்ஸ் கூட எடுத்து வைங்க.